நிசேயாவிலிருந்து கல்கெதோன் வரை: விசுவாசப் பிரமாணங்கள் பிறந்த ஊர்களில்

திங்கட்கிழமை, இஸ்னிக்

இஸ்தான்புல்லிலிருந்து மர்மரா கடலைக் கப்பலில் கடந்து யாலோவாவில் இறங்கி, அங்கிருந்து ஒலிவத் தோப்புகளினூடே சிற்றுந்தில் வந்தால் இஸ்னிக் ஏரி தெரிகிறது. ஏரியின் கிழக்குக் கரையில் ரோமர் காலத்து மதில் இன்னும் சுற்றி நிற்கும் இந்தச் சிறு பட்டணந்தான் பழைய நிசேயா. கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய இடம் எது என்று கேட்டால், ஊரின் நடுவில் உள்ள ஆயாசோபியாவைக் காட்டிவிடுகிறார்கள். அது 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கத்தோடு தொடர்புடைய கட்டடம். முதல் சங்கத்தில் உட்கார்ந்திருந்த செசரியா ஆயர் யூசேபியுஸ், கூட்டம் அரண்மனையின் உள்மண்டபத்தில் நடந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்த அரண்மனையில் இன்று காண்பதற்கு எதுவும் இல்லை. 2014இல் வானிலிருந்து எடுத்த படங்களில், கரையை ஒட்டிய நீருக்கடியில் ஒரு பசிலிக்காவின் அடித்தளம் தென்பட்டது. அதையும் சங்கத்தோடு இணைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அது சங்கம் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுந்ததாகவே கருதப்படுகிறது.

மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வேதாகமம் கையில் இருக்கும்போது விசுவாசப் பிரமாணம் எதற்கு? உண்மையில் 325க்கு முன்பும் பிரமாணங்கள் இருந்தன. திருமுழுக்குப் பெறுகிறவரிடம் தந்தையை நம்புகிறாயா, மகனை நம்புகிறாயா, தூய ஆவியை நம்புகிறாயா என்று கேட்பதும், அவர் 'நம்புகிறேன்' என்று மறுமொழி சொல்வதும் வழக்கம். இந்த வினாவிடையை ஒட்டி ஒவ்வொரு நகரத் திருச்சபையும் தனக்கென ஒரு வாசகத்தை வைத்திருந்தது. அவை ஊருக்கு ஊர் சற்று மாறியிருந்தாலும் யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. புதிதாகச் சேர்கிறவர் எதை நம்புகிறார் என்று அறிவதே அவற்றின் பயன். ஆயர் ஒருவரை உட்காரவைத்து அவர் சரியாக நம்புகிறாரா என்று சோதிக்கும் கருவியாக அவை இருந்ததில்லை. அந்தப் புதிய பயன்பாடு இந்த ஏரிக்கரையில்தான் தொடங்கியது.

தொடக்கம் அலெக்சாந்திரியாவில். பௌக்காலிஸ் ஆலயத்தின் குருவான ஆரியுஸ் தம் ஆயர் அலெக்சாந்தரோடு முரண்பட்டார். ஆரியுஸைக் கிறிஸ்துவை இழிவுபடுத்தியவராகச் சித்திரிப்பது பாடப்புத்தகங்களுக்கு எளிதாக இருக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிறவாத, மாறாத, வேறெதையும் சாராத கடவுள் ஒருவரே என்பதை எவ்விதத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே அவருடைய கவலை. பசித்தவரும், களைத்தவரும், சிலுவையில் துன்புற்றவருமான மகனை அந்த மாறாத கடவுளோடு சமமாக வைக்க முடியுமா என்று அவர் கேட்டார். மகன் படைப்புகளுக்கெல்லாம் முதலானவர், அவர் வழியாகவே எல்லாம் உண்டாயின, ஆயினும் அவரும் உண்டாக்கப்பட்டவரே, 'அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு' என்பது அவருடைய முடிவு. நீதிமொழிகள் 8:22ஐ அவர் ஆதாரமாகக் காட்டினார்; ஞானம் தன்னைக் கடவுள் படைத்ததாகச் சொல்லும் அந்த வசனத்தை அக்காலத்துக் கிறிஸ்தவர் அனைவரும் கிறிஸ்துவைக் குறிப்பதாகவே வாசித்தனர்.

எதிர்ப்பக்கத்தாரின் கவலை மீட்பைப் பற்றியது. மனிதனைக் கடவுளோடு சேர்த்து வைக்கிறவர் தாமே கடவுளாக இல்லாவிட்டால், படைப்பு ஒன்று இன்னொரு படைப்பைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டதாக ஆகுமேயன்றி, கடவுளிடம் யாரும் சேர்ந்திருக்க மாட்டார்கள். மேலும் திருச்சபை கிறிஸ்துவை வழிபட்டு வந்தது. அவர் படைக்கப்பட்டவரானால் அந்த வழிபாடு சிலைவணக்கத்துக்குச் சமம். இரு தரப்பும் பக்தியிலிருந்தே பேசின என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

செவ்வாய்க்கிழமை, இஸ்னிக்

காலையில் லெப்கே வாசல்வரை நடந்துவிட்டு, பிற்பகல் முழுவதும் ஏரிக்கரையில் அத்தனாசியுஸின் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். சங்கத்துக்கு அவர் ஆயர் அலெக்சாந்தரின் திருத்தொண்டராக வந்தவர். அவர் தரும் விவரம் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது, எழுதியவரும் ஒரு தரப்பின் தலைவர். அந்த எச்சரிக்கையோடு படித்தாலும், பிரமாணம் ஏன் அந்த வடிவம் பெற்றது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை.

ஆயர்கள் முதலில் வேதாகமச் சொற்களைக் கொண்டே காரியத்தை முடிக்க முயன்றனர். மகன் 'கடவுளிடமிருந்து' வந்தவர் என்று எழுதலாம் என்றபோது, ஆரியுஸை ஆதரித்த ஆயர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்சாடை காட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். 'எல்லாம் கடவுளிடமிருந்தே' என்று பவுல் எழுதியிருக்கிறாரே, அப்படியானால் நாமும் கடவுளிடமிருந்து வந்தவர்கள்தானே என்பது அவர்களுடைய கணக்கு. மகன் கடவுளின் 'வல்லமை' என்று எழுதலாமா என்றால், யோவேல் நூலில் வெட்டுக்கிளிக் கூட்டமும் கடவுளின் பெரும் படை என்றுதான் சொல்லப்படுகிறது. கடவுளின் 'சாயல்' என்றால், மனிதனும் கடவுளின் சாயலே. 'எப்போதும்' என்ற சொல்லைச் சேர்த்தால், அதுவும் மனிதரைப் பற்றி வேதாகமத்தில் வருகிறது. எந்த வசனத்தை நீட்டினாலும் இரு தரப்பும் அதில் மனமாரக் கையெழுத்திட்டுவிட்டு, ஊர் திரும்பிப் பழையபடியே போதிக்க முடியும் என்பது இப்படி வெளிப்பட்டது.

ஆகவே வேதாகமத்தில் இல்லாத ஒரு சொல்லை அவர்கள் எடுத்தார்கள். மகன் தந்தையோடு 'ஹோமோஊசியோஸ்', அதாவது ஒரே பொருளானவர். இதை ஆரியுஸின் தரப்பு தன் போக்கில் வளைத்துப் பொருள்கொள்ள வழியில்லை. உண்டாக்கப்பட்ட ஒன்று உண்டாக்கியவரோடு ஒரே பொருளாக இருக்க முடியாது. அதோடு நிற்காமல் பிரமாணத்தின் இறுதியில் சாபத்தீர்ப்புகளையும் சேர்த்தார்கள்: 'அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு' என்போரையும், அவர் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்போரையும் திருச்சபை விலக்குகிறது. 325இன் பிரமாணம் தூய ஆவியைப் பற்றி 'தூய ஆவியையும் நம்புகிறோம்' என்று ஒரே தொடரோடு முடித்துக்கொண்டு உடனே இந்தச் சாபங்களுக்குத் தாவிவிடுகிறது. அன்றைக்குத் தூய ஆவியைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை, ஆகவே எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. ஒரு பிரமாணத்தில் எந்த இடம் நீள்கிறது, எந்த இடம் குறுகுகிறது என்று பார்த்தாலே அக்காலத்துச் சண்டை எங்கே நடந்தது என்று கண்டுகொள்ளலாம்.

இந்தச் சொல் வேதாகமத்தில் இல்லை என்பது மட்டும் குறையன்று. தந்தையும் மகனும் ஒருவரே, பெயர்தான் வேறு என்று சொன்ன சபேலியரின் வாடை அதில் அடிப்பதாகப் பலர் அஞ்சினார்கள். கடவுளைக் கூறுபோடக்கூடிய பருப்பொருளாக அது காட்டிவிடும் என்பது வேறு சிலருடைய அச்சம். செசரியா யூசேபியுஸ் கையெழுத்திட்டுவிட்டுத் தம் சபைக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அதில் ஏறக்குறைய ஒரு சமாதானம் சொல்லும் தொனி தெரிகிறது; இச்சொல்லை உடல்களைப் பற்றிச் சொல்வதுபோல் பொருள்கொள்ளக் கூடாது என்று பேரரசர் கான்ஸ்டன்டைனே விளக்கினார் என்று அவர் எழுதுகிறார். பேரரசருக்கு வேண்டியிருந்தது ஒற்றுமை. முந்தைய ஆண்டில்தான் லிசினியுஸை வென்று ஆட்சி முழுவதையும் கைப்பற்றியிருந்த அவர், இந்தச் சர்ச்சை அற்பமானது என்று அலெக்சாந்தருக்கும் ஆரியுஸுக்கும் முன்பே கடிதம் எழுதியவர்.

கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இருவரே: மர்மாரிக்காவின் தியோனாஸ், தோலமாயிசின் செகுந்துஸ். இருவரும் லிபியப் பகுதியைச் சேர்ந்தவர்கள், ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டார்கள். சங்கத்தில் 318 பேர் இருந்ததாகச் சொல்வது ஆபிரகாமின் 318 வேலையாட்களை நினைத்து நிலைபெற்ற எண். தாமே அங்கிருந்த யூசேபியுஸ் 250க்கு மேல் என்கிறார். இத்தனை பேர் ஒப்புக்கொண்டதால் சண்டை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த 50 ஆண்டுகள் சங்கத்துக்கு மேல் சங்கம் கூடி மாற்றுப் பிரமாணங்களை எழுதிக்கொண்டே இருந்தது. கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில் திருமுழுக்குப் பெற்றதுகூட ஆரியுஸின் பழைய ஆதரவாளரான நிக்கோமேதியா யூசேபியுஸின் கையால்தான்.

வியாழக்கிழமை, செல்சுக்

நேற்றைய நாள் முழுவதும் பேருந்திலேயே போயிற்று. இன்று எபேசு.

பயணிகள் கூட்டம் செல்சுஸ் நூலக முகப்பில் படமெடுத்துக்கொண்டிருக்க, மரியா ஆலயத்தின் இடிபாட்டில் ஏறக்குறைய தனியாகவே நின்றேன். துறைமுகப் பக்கமாக இருந்த நீண்ட தூண்மண்டபம் ஒன்றை மாற்றிக் கட்டிய ஆலயம் இது. முனையில் அரைவட்டச் சுவரும், பக்கத்தில் படிகளோடு கூடிய திருமுழுக்குத் தொட்டியும் எஞ்சியிருக்கின்றன. இன்று காணும் சுவர்களின் காலத்தைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 431இன் சங்கம் மரியாவின் பெயரால் அழைக்கப்பட்ட ஆலயத்தில் கூடியது என்பதைச் சங்கத்தின் பதிவேடே சொல்கிறது.

இதற்குள் கேள்வி மாறிவிட்டிருந்தது. மகன் கடவுளா என்பது முடிந்துபோன வழக்கு. கடவுளாகிய மகன் மனிதரானபோது, கடவுள்தன்மையும் மனிதத்தன்மையும் அவரிடம் எப்படிச் சேர்ந்திருந்தன என்பது புதிய வழக்கு. கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ், மரியாவை 'கடவுளைப் பெற்றவர்' என்பதைவிட 'கிறிஸ்துவைப் பெற்றவர்' என்பது பொருத்தம் என்றார். கடவுளுக்குப் பிறப்பும் இறப்பும் கற்பிக்கக் கூடாதே என்ற ஆரியுஸின் அதே கவலை இங்கேயும் வேறு வடிவில் தலைகாட்டுவதைக் கவனிக்க வேண்டும். ஆரியுஸ் அதற்காக மகனைக் கீழிறக்கினார். நெஸ்தோரியுஸ் மகனை உயர்த்தியே வைத்துக்கொண்டு, பிறந்ததையும் இறந்ததையும் மனிதத்தன்மையின் கணக்கில் தனியே எழுதினார். அப்படியானால் சிலுவையில் தொங்கியவர் யார் என்று அலெக்சாந்திரியாவின் சிரில் மடக்கினார். பிறந்தவர் ஒருவர், கடவுள் வேறொருவர் என்றாகிவிட்டால் கிறிஸ்து ஒருவராக இருக்க மாட்டார் என்பது சிரிலின் வாதம்.

எபேசில் புதிய பிரமாணம் எதுவும் எழுதப்படவில்லை. ஜூன் 22 அன்று, அந்தியோக்கியா யோவானும் அவருடைய ஆயர்களும் வந்துசேருமுன்பே, அரசப் பிரதிநிதியின் எதிர்ப்பையும் மீறிச் சிரில் கூட்டத்தைத் தொடங்கினார். நிசேயா பிரமாணம் வாசிக்கப்பட்டது. அடுத்து, நெஸ்தோரியுஸுக்குச் சிரில் எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. இது நிசேயாவோடு ஒத்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஆயர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒத்திருக்கிறது என்றார்கள். பின்பு நெஸ்தோரியுஸின் மறுமொழி வாசிக்கப்பட்டது, ஒத்திருக்கவில்லை என்றார்கள். அன்றைக்கே அவர் பதவி பறிக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து வந்துசேர்ந்த யோவான் தனியே ஒரு சங்கம் கூட்டிச் சிரிலின் பதவியைப் பறித்தார். இந்தக் கூத்தில் ஆயர்களின் குணத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை; அலெக்சாந்திரியாவுக்குத் தலைநகரின் ஆயர்மேல் இருந்த நெடுநாள் பொறாமையும் இதில் சேர்ந்திருந்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்த நடைமுறையை. 325இல் ஒரு சண்டையைத் தீர்க்க எழுதிய வாசகம், ஏறக்குறைய ஒரு நூறாண்டில் மற்ற எழுத்துகளை நிறுத்துப் பார்க்கும் எடைக்கல்லாகிவிட்டது. ஜூலை மாதம் இச்சங்கம் ஒரு தடையும் விதித்தது: நிசேயாவில் வரையறுத்ததைத் தவிர வேறொரு விசுவாச வாசகத்தை யாரும் இயற்றக் கூடாது. இருபது ஆண்டுகளில் இந்தத் தடை ஆயர்களின் காலையே கட்டியது.

சனிக்கிழமை, இஸ்தான்புல்

தொப்காப்பி அரண்மனையின் முதல் முற்றத்தில் உள்ள ஆயா இரினி ஆலயத்தைப் பார்த்தேன். 381இன் சங்கத்தை இதனோடு தொடர்புபடுத்துவது மரபு. இன்றைய கட்டடம் ஜஸ்டீனியன் காலத்தது.

நாம் ஆராதனையில் சொல்லும் 'நிசேயா விசுவாசப் பிரமாணம்' இந்த 381இன் சங்கத்தோடு சேர்ந்தது. தூய ஆவியின் கடவுள்தன்மையை மறுத்தோர் இடையில் தோன்றியதால், 325இல் ஒரே தொடராக இருந்த பகுதி 'ஆண்டவரும் உயிரளிப்பவரும்' என்று விரிந்தது. 'அவருடைய ஆட்சிக்கு முடிவிராது' என்ற வரியும் 325இல் இல்லை. கிறிஸ்துவின் ஆட்சி ஒருநாள் முடிந்து மகன் தந்தைக்குள் திரும்பிவிடுவார் என்று போதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அன்சிரா ஆயர் மர்செல்லுஸை மனத்தில் வைத்து எழுந்த வரி அது. அவர் நிசேயாவில் ஆரியுஸுக்கு எதிராக முன்னணியில் நின்றவர் என்பதை நினைத்தால், ஹோமோஊசியோஸைக் கண்டு அஞ்சியவர்கள் வீணாக அஞ்சவில்லை என்று தெரியும்.

இந்த வாசகத்தைக் கொண்ட மிகப் பழைய ஆவணம் 381ஐச் சேர்ந்ததல்ல. அது 451இல், நாளை நான் போகவிருக்கும் கல்கெதோனில் உரக்க வாசிக்கப்பட்டபோதுதான் முதன்முதலாகப் பதிவேட்டில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை, காடிகோய்

எமினோனுவிலிருந்து படகில் பாஸ்பரஸைக் கடந்து காடிகோயில் இறங்கினேன். கல்கெதோன் இன்று இஸ்தான்புல்லின் பரபரப்பான ஒரு பகுதி. சங்கம் கூடிய புனித யூபேமியாவின் ஆலயம் இருந்த சுவடே இல்லை. மீன்கடைகளும் ஊறுகாய்க் கடைகளும் நெருங்கிய சந்தைத் தெருக்களுக்கு அருகே அதே பெயரில் உள்ள பிற்காலக் கிரேக்க ஆலயத்தில் காலை வழிபாட்டில் பின்வரிசையில் நின்றேன். பிரமாணத்தைக் கிரேக்கத்தில் 'நம்புகிறேன்' என்று ஒருமையில் தொடங்கினார்கள். சங்க ஏடுகளில் அது 'நம்புகிறோம்'. ஆயர்கள் கூடிக் கையெழுத்திட்ட வாசகம், வழிபாட்டில் மீண்டும் திருமுழுக்குப் பெறுகிறவரின் வாய்ச்சொல்லாகிவிட்டது.

451 அக்டோபர் 8 அன்று தொடங்கிய சங்கத்தில், பேரரசர் மர்சியானின் அதிகாரிகள் நடுவில் அமர்ந்து நடவடிக்கையை நடத்தினார்கள். யூத்திக்கஸ் என்ற முதிய துறவி, கிறிஸ்துவின் கடவுள்தன்மையும் மனிதத்தன்மையும் ஒன்றிப்பதற்கு முன் இரு இயல்புகள், ஒன்றிப்புக்குப் பின் ஒரே இயல்பு என்று சொன்னதற்காக 448இல் கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் பிளேவியனால் தண்டிக்கப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டே சிரிலுக்குப் பின்வந்த தியோஸ்கோருஸ் எபேசில் ஒரு சங்கம் கூட்டி யூத்திக்கஸை விடுவித்துப் பிளேவியனைப் பதவி நீக்கினார். ரோமை ஆயர் லியோ அனுப்பிய நீண்ட கடிதத்தை வாசிக்கவே விடவில்லை. கல்கெதோனின் முதல் நாளில் அந்தப் பழைய பதிவேட்டை உரக்க வாசித்தபோது, வெற்றுத்தாளில் தங்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டதாக ஆயர்கள் கூச்சலிட்டார்கள். எருசலேம் ஆயர் யுவெனால் தம் இருக்கையை விட்டு எழுந்து எதிர்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரிகள் புதிய விசுவாச வரையறை ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆயர்களோ எழுத முடியாது என்றார்கள். எபேசின் தடை இருக்கிறது, நிசேயா போதும் என்பது அவர்களுடைய மறுமொழி. அதிகாரிகள் விடவில்லை. அக்டோபர் 22 அன்று ஒரு குழு எழுதிய வரைவு சபையில் வாசிக்கப்பட்டது. பதிவேட்டில் அதன் முழு வாசகத்தைச் சேர்க்கவில்லை என்றாலும், தொடர்ந்த வாக்குவாதத்திலிருந்து கிறிஸ்து 'இரு இயல்புகளிலிருந்து' ஆனவர் என்று அதில் இருந்தது தெரிகிறது. பெரும்பான்மையோர் நன்று, நன்று என்று ஆர்ப்பரித்தார்கள். ரோமைப் பிரதிநிதிகள் மட்டும், லியோவின் கடிதத்தை ஏற்காவிட்டால் நாங்கள் ஊர் திரும்புகிறோம், சங்கம் இத்தாலியில் கூடட்டும் என்றார்கள்.

அப்போது அதிகாரிகள் கேட்ட கேள்வி, எந்த இறையியலாளரும் கேட்டிருக்கக் கூடியதைவிடக் கூர்மையானது. 'இரு இயல்புகளிலிருந்து' என்பதை ஏற்கிறேன், 'இரண்டு' என்பதை ஏற்க மாட்டேன் என்று தியோஸ்கோருஸ் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துவில் இரு இயல்புகள் உண்டு என்கிறார் லியோ. நீங்கள் லியோவின் பக்கமா, தியோஸ்கோருஸின் பக்கமா? அதாவது, இச்சங்கமே சில நாள் முன்பு பதவி நீக்கிய தியோஸ்கோருஸே மகிழ்ச்சியோடு கையெழுத்திடக்கூடிய வரைவை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதே அதன் உட்பொருள். லியோவின் பக்கமே என்று குரல் எழுந்தது. குழு யூபேமியாவின் சிற்றாலயத்துக்குள் போய்த் திருத்தி வந்தது. 'இரு இயல்புகளிலிருந்து' என்பது 'இரு இயல்புகளில்' என்றானது. பழைய தொடரின்படி ஒன்றிப்புக்குப் பின் இரண்டு இல்லை என்று ஒருவர் வாதிடலாம். புதிய தொடர் அந்த வழியை அடைத்தது.

அதற்கடுத்து வரும் நான்கு சொற்கள், கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி. முதல் இரண்டும் யூத்திக்கஸுக்கு எதிராக, கடைசி இரண்டும் நெஸ்தோரியுஸுக்கு எதிராக. நான்கும் எதிர்மறைச் சொற்கள். இரு இயல்புகளும் எப்படி ஒரே ஆளில் கூடின என்று அவை விளக்குவதில்லை, விளக்கும் நோக்கமும் அவற்றுக்கு இல்லை. கல்கெதோன் வரையறையைப் படித்துவிட்டு இதில் விடை இல்லையே என்று குறைபடும் மாணவர்களுக்கு நான் சொல்வது, அது எந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதோ அதற்கு மட்டுமே விடை சொல்கிறது என்பதுதான். எபேசின் தடைக்கும் ஒரு வழி கண்டார்கள்: 325, 381 பிரமாணங்களை அப்படியே முன்னால் எழுதி, தங்கள் வாசகம் புதிய பிரமாணமல்ல, அவற்றின் விளக்கமே என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் ஒப்பவில்லை. சிரில் 'கடவுளின் வார்த்தையானவரின் மாம்சமான ஒரே இயல்பு' என்று சொல்லி வந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, 'இரு இயல்புகளில்' என்பது நெஸ்தோரியுஸ் திரும்பி வந்ததுபோல் ஒலித்தது. கோப்து, சிரிய, அர்மீனிய, எத்தியோப்பியத் திருச்சபைகள் இன்றும் கல்கெதோனை ஏற்பதில்லை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபிய சபைகளும் இந்த வரிசையில் வருகின்றன. ஆனால் யூத்திக்கஸை இவர்களும் தண்டிக்கிறார்கள் என்பதைத் தேர்வுத்தாள்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதிவேட்டில் என்னை நிறுத்தி வைக்கும் பகுதி அக்டோபர் 17 அன்று நடந்தது. எகிப்தின் 13 ஆயர்கள் லியோவின் கடிதத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று மன்றாடினார்கள். எங்களுக்கு இப்போது பேராயர் இல்லை, அவரில்லாமல் கையெழுத்திட்டு ஊர் திரும்பினால் எங்களைக் கொன்றுவிடுவார்கள், வேண்டுமானால் இங்கேயே சாகிறோம் என்று தரையில் விழுந்தார்கள். சபை அவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டது. அதிகாரிகள்தான் இரங்கி, புதிய பேராயர் நியமிக்கப்படும்வரை தலைநகரிலேயே தங்கியிருக்க அனுமதித்தார்கள். தியோஸ்கோருஸின் இடத்துக்கு அரசு ஆதரவோடு புரோத்தேரியுஸ் நியமிக்கப்பட்டார். 457இல் மர்சியான் இறந்த செய்தி எகிப்தை எட்டியபின், அந்த ஆண்டின் பாஸ்கா காலத்திலேயே அலெக்சாந்திரியாவின் கூட்டம் அவரைக் கொன்று, உடலைத் தெருவில் இழுத்துச் சென்று எரித்தது.